ஆயாவுக்கு ஒரு சீட்டு

கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

உங்களில் பாதிப் பேருக்குப் பருத்திப்பட்டிலோ ஆவடியிலோ அம்பத்தூரிலோ தனியாக இருக்கும் ஒரு பாட்டி உண்டு. தாத்தா தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுப் போய்ச் சேர்ந்திருப்பார். பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. நீங்கள் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறீர்கள். பேங்கிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தால், பக்கத்து வீட்டுப் பிள்ளை அதை போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான். நீங்கள் போனில் விளக்குகிறீர்கள். பாட்டியும் "சரிப்பா, சரிப்பா" என்கிறார். போனை வைத்த பிறகு அவர் கையில் மிஞ்சுவது அதே ஆங்கிலக் கடிதம்தான்.

அதனால் பெரிய எழுத்தில் ஒரு சின்னச் சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். எழுதுகிறார்கள். ஆனால் பலர் எழுதுவது கடிதத்தைவிட மோசமாக இருக்கிறது. சீட்டு தவறாக இருந்தால் இல்லாமலிருப்பதே மேல் என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய ஓர் ஆயா தனியாக இருக்கிறார். அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. தினத்தந்தி தலைப்புகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படிப்பார். அவருக்கு பேங்கிலிருந்து கே.ஒய்.சி. புதுப்பிக்கச் சொல்லி ஒரு பக்கக் கடிதம் வந்தது. வாடிக்கையாளரின் அடையாளத்தையும் முகவரியையும் பேங்க் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுபடி சரிபார்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். ரிசர்வ் வங்கி விதிப்படி, அபாயம் அதிகம் என்று பேங்க் வகைப்படுத்திய கணக்குக்கு 2 ஆண்டுக்கு ஒரு முறை, நடுத்தரத்துக்கு 8 ஆண்டு, குறைவானதுக்கு 10 ஆண்டு. ஓய்வூதியம் வந்து, மாதச் செலவுக்கு எடுக்கும் பாட்டிகளின் கணக்கு பெரும்பாலும் மூன்றாவது வகைதான்.

கடிதத்தில் ஐந்து பத்தி. முதல் பத்தியில் சட்டத்தின் பெயரும் விதியின் பெயரும். இரண்டாவதில் 30-11-2026 என்ற கடைசித் தேதி. மூன்றாவதில், விவரங்களில் மாற்றம் இல்லையென்றால் சுய உறுதிமொழி போதும், மாற்றம் இருந்தால் ஆவணம் வேண்டும் என்ற செய்தி. நான்காவதில் இணையம், ஏ.டி.எம்., கிளை என்று செய்யும் வழிகள். ஐந்தாவதில், செய்யாவிட்டால் கணக்கின் பயன்பாடு கட்டுப்படுத்தப்படலாம் என்ற எச்சரிக்கை.

அவருடைய பேரன் நல்ல பிள்ளை. அக்கறையோடு ஒரு சீட்டு எழுதி, பக்கத்து வீட்டில் பிரிண்ட் எடுக்கச் சொல்லி ஒட்ட வைத்தான். அதில் இருந்தது இவ்வளவுதான்: "ஆயா, KYC முடிக்கலன்னா அக்கவுண்ட் பிளாக் ஆகிடும். உடனே பண்ணணும். ஆதார் ரெடியா வச்சிக்கோ."

நான்கு நாள் கழித்து ஆயாவுக்கு ஒரு போன். பேசியவன் மரியாதையாகத் தமிழில் பேசினான். "அம்மா, உங்க கே.ஒய்.சி. முடியல. இன்னைக்கு ராத்திரி அக்கவுண்ட் பிளாக் ஆகிடும். ஆதாரை எடுத்து வச்சிக்கோங்க, ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்றான். ஆயா சந்தேகப்படவில்லை. ஏன் படவேண்டும்? சொந்தப் பேரன் எழுதியதையே அவனும் சொல்கிறான். பால் பாக்கெட் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் போனை வாங்கி அணைத்ததால் பணம் தப்பியது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பேரன் எழுதிய மூன்று வாக்கியமும் மோசடிக்காரன் பேசியதும் ஒன்று. இரண்டிலும் பயம், அவசரம், ஆதார். இரண்டிலும் இல்லாதவை தேதி, இடம், காரணம். நம் வீட்டுச் சீட்டு ஒரு முதியவரைப் பயமுறுத்தினால், அடுத்து வரும் மோசடி போனுக்கு நாமே அவரைத் தயார் செய்து வைக்கிறோம். சீட்டில் இருக்கும் சொல்லும் திருடன் சொல்லும் சொல்லும் ஒன்றாக இருக்கக் கூடாது.

பேரன் எழுதியது உண்மையும் இல்லை. ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 12 அன்று கே.ஒய்.சி. விதியில் ஒரு திருத்தம் கொண்டு வந்தது. அதன்படி, அபாயம் குறைந்த கணக்குகளில், தேதி கடந்த பிறகும் ஓர் ஆண்டு வரை எல்லாப் பரிவர்த்தனையையும் பேங்க் அனுமதிக்க வேண்டும். அதே திருத்தத்தின்படி, கடைசித் தேதிக்கு முன்னால் குறைந்தது மூன்று முறை பேங்க் தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும். தேதி தாண்டினாலும் மறுபடி மூன்று நினைவூட்டல், அதிலும் ஒரு கடிதம். "இன்று ராத்திரி பிளாக்" என்பது இந்த விதியில் எங்கேயும் கிடையாது. யாராவது அப்படிச் சொன்னால் அதுவே அவனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

பிறகு பேரன் என்னிடம் கேட்டான். இருவரும் போனில் பேசிப் பேசி இன்னொரு சீட்டு எழுதினோம். அது இது:

ஆயா,
இது நம் பேங்க் அனுப்பிய கடிதம்.
உன் பணம் பத்திரமாக இருக்கிறது.

பேங்க் உன் முகவரியை
மறுபடி சரி பார்க்கிறது.
இதன் பெயர் கே.ஒய்.சி.
இது ஆயுள் சான்று இல்லை.

செய்ய வேண்டியது:
நவம்பர் 30 திங்கட்கிழமைக்குள்
பேங்க் கிளைக்குப் போக வேண்டும்.

எடுத்துப் போக:
இந்தக் கடிதம். ஆதார். பான். ஒரு போட்டோ.

பேங்கில் சொல்ல வேண்டியது:
"கே.ஒய்.சி. செய்ய வந்தேன். என் வீடு மாறவில்லை."

ஒரு பாரத்தில் கையெழுத்து போட வேண்டும்.
பணம் கட்ட வேண்டாம்.

போனில் யார் கேட்டாலும்
எந்த நம்பரும் சொல்ல வேண்டாம்.

சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடு.

கீழே பேரனின் பெயர், போன் எண், எழுதிய தேதி. அவ்வளவுதான்.

இதில் ஒவ்வொரு வரியும் ஒரு காரணத்துக்காக அங்கே இருக்கிறது. முக்கியமான சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

இரண்டாவது வரியிலேயே "உன் பணம் பத்திரமாக இருக்கிறது" என்று வந்துவிட்டது. பேங்க் கடிதம் என்றதும் வயதானவர் மனதில் எழும் முதல் கேள்வி அதுதான். அதற்குப் பதில் கிடைக்கும் வரை மற்ற வரிகள் கண்ணில் பட்டாலும் மனதில் ஏறாது. எச்சரிக்கையைக் கடைசிப் பத்தியில் வைத்திருக்கும் கடிதத்தில், பயம் வருகிற வரிதான் கடைசியாக நினைவில் நிற்கிறது.

எல்லாச் சொல்லையும் எளிமையாக்கினோம், ஒன்றைத் தவிர. "கே.ஒய்.சி." என்ற சொல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டு "முகவரி சரிபார்ப்பு" என்று மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் ஆயா கவுண்டரில் போய் நின்று "முகவரி சரிபார்க்க வந்தேன்" என்றால், அங்கே இருப்பவர் முகவரி மாற்றப் படிவத்தைக் கொடுத்துவிடுவார். பாட்டி எந்த இடத்தில் போய் எந்தச் சொல்லைச் சொன்னால் வேலை நடக்குமோ, அந்தச் சொல் கடினமாக இருந்தாலும் சீட்டில் இருக்க வேண்டும். தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும். பக்கத்திலேயே அதன் பொருளும் இருக்க வேண்டும்.

"இது ஆயுள் சான்று இல்லை" என்ற வரி பேரனுக்கு வீணாகத் தெரிந்தது. எங்கள் பகுதியில் இருப்பவர்களுக்கு அது புரியும். ஓய்வூதியக்காரர்கள் உயிரோடு இருப்பதைக் காட்டும் சான்றை நவம்பரில் கொடுப்பது வழக்கம். மத்திய அரசு ஓய்வூதியத்தில் எண்பது வயது தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே தொடங்கிவிடும். அந்த மாதத்தில் பேங்கிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் "அதான் போன மாசமே கொடுத்துட்டேனே" என்று பாட்டி எடுத்து வைத்துவிடுவார். இந்தக் கடிதத்தை வேறு எதோடு குழப்பிக்கொள்வார் என்று யோசித்து, அது இல்லை என்று சொல்வதும் சீட்டின் வேலை.

"என் வீடு மாறவில்லை" என்பதற்குப் பின்னால் கடிதத்தின் மூன்றாம் பத்தி முழுவதும் இருக்கிறது. மாற்றம் இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் ஒரு வழி என்று கடிதம் எல்லோருக்கும் பொதுவாகப் பேசும். சீட்டு ஒருவருக்காக எழுதுவது. ஆகவே "மாறியிருந்தால்", "இல்லையென்றால்" என்ற இரண்டையும் பாட்டியின் தலையில் சுமத்தாமல், எழுதும் நீங்கள் முதலில் விசாரித்து, அவருக்குப் பொருந்துவதை மட்டும் எழுத வேண்டும். பாட்டி அம்பத்தூர் வீட்டைவிட்டுப் பருத்திப்பட்டுக்கு வந்தவர், பாஸ்புக்கில் இன்னும் பழைய முகவரிதான் என்றால் இந்த வரி தவறாகிவிடும். அப்போது "என் வீடு மாறிவிட்டது. புது முகவரி இது" என்று எழுதி முகவரியையும் எழுதித் தர வேண்டும். பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பார்க்காமல் இந்த வரியை எழுதாதீர்கள்.

இனி எழுத்தைப் பற்றி. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவள் என்பதால் இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

கோடு போட்ட நீள நோட்டில் இரண்டு கோட்டுக்கு ஒரு வரி என்று எழுதினால் எழுத்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரம் வரும். வெள்ளைத் தாள், கறுப்பு மார்க்கர். மஞ்சள் ஹைலைட்டர் வேண்டாம், சிவப்பு மை வேண்டாம். சிவப்பைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் தப்பு திருத்திய நினைவுதான் வரும். தமிழில் சின்ன எழுத்தில் முதலில் காணாமல் போவது புள்ளி. புள்ளி போனால் "கட்ட வேண்டாம்" என்பது தடுமாறும். அடுத்தது னகரமும் ணகரமும், ரகரமும் காலும். மெல்லிய பேனாவில் நெருக்கி எழுதினால் பெரிய எழுத்தும் பயன்படாது. எழுத்துக்கு எழுத்து இடம் விடுங்கள்.

சொற்களை ஒட்டாதீர்கள். "கையெழுத்திட்டுக்கொடுக்கவேண்டும்" என்று ஒரே மூச்சில் எழுத நம் மொழி இடம் கொடுக்கிறது. பாட்டியின் கண் கொடுக்காது. "கையெழுத்து போட வேண்டும்" என்று மூன்றாகப் பிரித்தால் நிறுத்தி நிறுத்திப் படிப்பார். வரியை மடக்கும்போது பொருள் முடியும் இடத்தில் மடக்குங்கள். "நவம்பர் 30" என்பதில் நவம்பர் ஒரு வரியிலும் 30 அடுத்த வரியிலும் போனால், முப்பது எதற்கு என்று தேடுவார். தேதியோடு கிழமையையும் எழுதுங்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அவர் முதலில் தேடுவது கிழமையைத்தான். 30-11 என்று எண்ணாக எழுத வேண்டாம்.

பேச்சுத் தமிழில் எழுதலாமா என்று பேரன் கேட்டான். "உன்" என்று எழுது, "தங்களது" என்று எழுதினால் பேங்க் பேசுவது போல இருக்கும் என்றேன். ஆனால் "போகணும்", "பண்ணணும்" என்று எழுத வேண்டாம் என்றேன். அறுபது வருடமாகப் பத்திரிகையில் "வேண்டும்" என்று படித்துப் பழகிய கண், அந்த வடிவத்தைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளும். "பண்ணணும்" காதுக்குப் பழக்கம், கண்ணுக்குப் புதுசு. எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும்.

சீட்டில் இருக்கக் கூடாதவையும் உண்டு. கணக்கு எண், ஏ.டி.எம். ரகசிய எண், ஆதார் எண், கணக்கில் உள்ள தொகை எதுவும் எழுதக் கூடாது. சீட்டு ஃபிரிட்ஜ் மேலோ பூஜை அலமாரிக் கதவிலோ ஒட்டப்படும். வீட்டுக்கு வரும் எல்லோரும் படிப்பார்கள். கணக்கு எண் கடிதத்தில் இருக்கிறது, போதும். கடிதத்தையும் சீட்டையும் குண்டூசியால் சேர்த்துக் குத்திக் கொடுங்கள். சீட்டு வந்துவிட்டது என்று கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டால், கவுண்டரில் காட்ட ஒன்றும் இருக்காது. நீங்கள் எழுதியது சரிதானா என்று இன்னொருவர் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

எழுதி முடித்த பிறகு ஒரு சோதனை. "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். வகுப்பில் நான் அப்படிக் கேட்டால் நீங்கள் எல்லோரும் "புரிந்தது டீச்சர்" என்று கோரஸாகச் சொன்னவர்கள்தானே. பாட்டியும் அதையே சொல்வார். சீட்டைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள்: "எப்போ போவ? என்ன எடுத்துட்டுப் போவ? அங்க என்ன சொல்வ? போன்ல கேட்டா?" எந்தக் கேள்வியில் தடுமாறுகிறாரோ, அந்த வரியில்தான் குறை. பாட்டியிடம் இல்லை. அந்த வரியை மாற்றி எழுதுங்கள். எங்கள் தெரு ஆயா மூன்றுக்குச் சரியாகச் சொல்லிவிட்டு, எடுத்துப் போகும் பொருளில் போட்டோவை மறந்தார். நான்கு பொருளையும் ஒரே வரியில் எழுதியிருந்ததுதான் காரணம். ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியதும் சரியாகிவிட்டது.

சீட்டால் முடியாததும் இருக்கிறது. படிக்கவே தெரியாத பாட்டிக்கு எவ்வளவு பெரிய எழுத்தும் உதவாது. அங்கே கூட ஒருவர் போகத்தான் வேண்டும். நடக்க முடியாதவர் என்றால் "கிளைக்குப் போக வேண்டும்" என்ற வரியே அர்த்தமற்றது. எழுபது வயது தாண்டியவர்களுக்கு, கே.ஒய்.சி. ஆவணமும் ஆயுள் சான்றும் வாங்குவது போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டிலேயே செய்து தர பேங்குகள் முயற்சி எடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லியிருக்கிறது. கிளைக்கு நீங்கள் போன் செய்து கேட்டு, யார் எந்த நாள் வருவார் என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு அதைச் சீட்டில் எழுதுங்கள். அந்த உறுதி இல்லாமல் "பேங்க்காரர் வீட்டுக்கு வருவார்" என்று மட்டும் எழுதினால், யார் கதவைத் தட்டினாலும் ஆயா திறந்துவிடுவார். ஒருவேளை பணம் போயே விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேச வேண்டும். அதை உங்கள் போனில் பதிந்து வையுங்கள்.

கடைசியாக ஒரு மனக்குறை. இந்தச் சீட்டை நாம் ஏன் எழுத வேண்டியிருக்கிறது? பேங்கில் பொதுமக்கள் பயன்படுத்தும் அச்சுத் தாள்கள் ஆங்கிலம், இந்தி, மாநில மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே சொல்கிறது. 2025 திருத்தத்திலும், இந்தக் கடிதங்களில் எளிதில் புரியும் வழிமுறைகள், உதவி கேட்கும் வழி, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் இடம்பெறலாம் என்று இருக்கிறது. "இடம்பெறலாம்" என்றுதான் இருக்கிறது. தமிழாசிரியராக அல்ல, வெறும் ஆரம்பப் பள்ளி டீச்சராகச் சொல்கிறேன்: "லாம்" என்றால் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி. அது "வேண்டும்" என்று மாற வேண்டும். கடிதத்தின் பின்பக்கம் எப்படியும் காலியாகத்தான் இருக்கிறது. அதில் பெரிய எழுத்தில் தமிழில் பத்து வரி அச்சடித்தால் ஊரில் பாதிப் பாட்டிகளுக்கு நம் சீட்டே தேவைப்படாது. என் மாணவர்களில் பேங்கில் வேலை பார்ப்பவர்கள் நாலைந்து பேர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் மேலதிகாரியிடம் சொல்லுங்கள்.

அதுவரை மார்க்கரை எடுங்கள். இந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பாட்டியின் அலமாரியில் பிரிக்காமல் இருக்கும் பேங்க் கவர் எத்தனை என்று பாருங்கள். ஒன்றுக்காவது சீட்டு எழுதி, எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எழுதியதை எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். சிவப்பு மை போட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
பருத்திப்பட்டு